மெயிலும் இல்லை, யாரென்றும் தெரியாது, "பதில் போட்டுடு" மட்டும் வந்திருக்கிறது: என்ன செய்வது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி ஆபீஸில் மெயில் பார்க்கிற யாருக்கும் இது புதிதல்ல. முதலாளி காட்பாடியில் ரயில் ஏறும்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்: "தம்பி, அவனுக்கு ஒரு பதில் போட்டுடு, கொஞ்சம் பதமா போடு." எவனுக்கு, எந்த மெயிலுக்கு, சரி என்று சொல்லவா முடியாது என்று சொல்லவா, ஒன்றும் இருக்காது. திரும்பக் கூப்பிட்டால் போன் எடுக்க மாட்டார்.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் கை போன போக்கில் ஒன்று எழுதுவார்கள்: "தங்கள் மெயில் கிடைத்தது, தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." பார்க்க மரியாதையாக இருக்கும், ஆனால் மெயிலைப் படிக்காமல் எழுதினால் இதில் ஒவ்வொரு வரியும் கண்ணிவெடிதான். வந்தது கோரிக்கையே இல்லாமல் சரக்கில் குறை என்று சொல்லும் கிளெய்மாக இருந்தால், "வருந்துகிறோம்" என்பதைக் குறையை ஒப்புக்கொண்டதாக எடுத்து வைத்துக்கொள்வான். விலையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் "பரிசீலிக்கிறோம்" என்றதுமே பேரம் தொடங்கிவிட்டது. அதனால் எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, கீழே உங்கள் நிலைக்குப் பொருந்தும் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 1: மெயிலே கையில் இல்லை

மெயில், எழுதியவர், சொல்ல வேண்டிய முடிவு மூன்றும் காணவில்லை என்றாலும் முதலில் தேட வேண்டியது மெயிலைத்தான். அது கிடைத்தால் எழுதியவர் யார், என்ன கேட்கிறார் என்பதும் பாதிக்கு மேல் அதிலேயே இருக்கும்.

*கீழே ஒளிந்திருக்கிறதா?*

நினைவூட்டல் மட்டும் வந்து, பழைய மெயில் தெரியவில்லை என்றால், ஜிமெயிலில் மெயிலின் அடியில் மூன்று புள்ளி இருக்கிறதா பாருங்கள். அதைத் தட்டினால் மடித்து வைத்த பழைய பகுதி விரியும். செல்போனில் இது கண்ணில் படாமல் போவது சகஜம். வாட்ஸ்அப்பில் முதலாளி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வேலை செய்யாதீர்கள், அதில் மேலே அனுப்பியவர் முகவரியும் கீழே கையெழுத்தும் வெட்டுப்பட்டிருக்கும். மெயிலையே அனுப்பச் சொல்லுங்கள்.

*ஸ்பாமிலோ குப்பையிலோ கிடக்கிறதா?*

சாதாரணமாகத் தேடினால் ஜிமெயில் அந்த இரண்டு இடத்தையும் பார்க்காது. `in:anywhere` சேர்த்துத் தேடுங்கள்.

```
in:anywhere "2nd lot"
```

இரண்டிலும் 30 நாள்தான் மெயில் தங்கும், அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். கம்பெனி பெயரில் கூகுள் மெயில் எடுத்திருந்தால், குப்பையிலிருந்தும் போன மெயிலை அட்மின் இன்னும் 25 நாள் வரை மீட்க முடியும்.

*நினைவூட்டல் மட்டும்தான் இருக்கிறது, அடியில் ஒன்றுமே இல்லையா?*

இந்த வழி பலருக்குத் தெரியாது, ஆனால் எனக்கு அதிகமாகக் கைகொடுத்தது இதுதான். ஒரு மெயிலுக்குப் பதிலாகவோ தொடர்ச்சியாகவோ இன்னொன்றை அனுப்பும்போது, எந்த மெயிலுக்கான தொடர்ச்சி என்ற அடையாள எண் புது மெயிலின் தலைப்பகுதியில் பதிவாகும். எழுதியவர் பழைய பகுதியை முழுக்க அழித்துவிட்டு அனுப்பினாலும் அது போகாது. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து (செல்போன் ஆப்பில் இது வராது), மெயிலின் வலது ஓரத்து மூன்று புள்ளியில் `Show original` கொடுங்கள். பக்கம் பக்கமாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். `In-Reply-To:` என்று தொடங்கும் வரியை மட்டும் தேடுங்கள். அதற்கு எதிரே கூர் அடைப்புக்குள் இருப்பதை எடுத்து, அடைப்பை விட்டுவிட்டு, தேடும் பெட்டியில் இப்படிப் போடுங்கள்:

```
in:anywhere rfc822msgid:abc123@example.com
```

அந்த மெயில் உங்கள் பெட்டியில் எந்த மூலையில் இருந்தாலும் வரும். வரவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்: மூல மெயில் இந்தப் பெட்டிக்கு வரவில்லை, அல்லது வந்து முழுக்க அழிந்துவிட்டது. `References:` என்ற வரி இருந்தால் அந்தத் தொடரில் முன்னால் போன மெயில்களின் எண்களும் வரிசையாக இருக்கும், அவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதலாளி உங்களுக்கு ஃபார்வர்டு செய்த மெயிலில் இதை நம்ப முடியாது, ஃபார்வர்டு செய்தால் அது அவர் எழுதிய புது மெயிலாகி, அசல் தலைப்பகுதி கழன்றுவிடும். அவர் பெட்டியிலேயே பாருங்கள், இல்லாவிட்டால் `Forward as attachment` கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

*வேலையை விட்டுப் போனவர் பெட்டிக்குப் போயிருக்கிறதா?*

மெர்ச்சண்டைசர்கள் சீசனுக்கு சீசன் கம்பெனி மாறுகிற ஊர் இது. சரக்கு வாங்குகிற பயர் பக்கத்தில் இருப்பவர் பழைய ஆளின் முகவரிக்கே எழுதிக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கை நிறுத்தி மட்டும் வைத்திருந்தால், நிறுத்தும் முன் வந்த மெயில் அப்படியே இருக்கும், அட்மின் திறந்து தருவார்; நிறுத்திய பிறகு அனுப்பியது அதில் வந்து சேராது. அழித்துவிட்டிருந்தால் கூகுளில் 20 நாள் வரைதான் மீட்கலாம். பழைய கம்பெனிகளில் இன்னொரு வினோதமும் உண்டு: ஒரு கம்ப்யூட்டரின் அவுட்லுக் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடும்படி அமைத்திருப்பார்கள். அப்போது மெயில் அந்த மெஷினில் மட்டும்தான் இருக்கும், மூலையில் தூசி படிந்து கிடந்தாலும் அதைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதுவரை எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் யாருக்கு எழுத வேண்டும் என்று தெரியும் என்றால், அவரிடமே கேட்டுவிடுங்கள். "உங்கள் முந்தைய மெயில் என் பெட்டியில் இல்லை, மறுபடி அனுப்ப முடியுமா" என்று ஒரே வரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்வர் கோளாறு என்றெல்லாம் கதை கட்டாதீர்கள், அவர் பக்கத்தில் மெயில் போய்ச் சேர்ந்ததாகத் தெரிந்தால் அசிங்கமாகிவிடும்.

அறிகுறி 2: மெயில் இருக்கிறது, எழுதியவர் யாரென்று தெரியவில்லை

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் முதல் பெயரும், செல்போனிலிருந்து அனுப்பியது என்ற வரியும் மட்டும் இருக்கும். யாராயிருந்தால் என்ன, கேட்டதற்குப் பதில் சொல்வோம் என்று தோன்றும். ஆனால் ஒரே கேள்விக்குப் பயருக்கு ஒரு பதில், ஏஜென்ட்டுக்கு ஒரு பதில், சரக்கு ஏற்றிவிடுகிற ஃபார்வர்டருக்கு வேறொரு பதில். "சரக்கு எப்போது ரெடி?" என்று ஃபார்வர்டர் கேட்டால் இடம் புக் செய்யக் கேட்கிறார், தேதியைச் சொன்னால் போதும். பயர் கேட்டால் அந்தத் தேதி வாக்குறுதி. ஏஜென்ட் கேட்டால் பயரிடம் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்க்கிறார்.

முதலில் பழைய மெயில்களில் அதே முகவரியைத் தேடுங்கள், என்றோ ஒரு நாள் முழுக் கையெழுத்தோடு எழுதியிருப்பார். அடுத்து, சிசியில் இருப்பவர்களைப் பாருங்கள். பயரின் ஆட்கள் நாலு பேர் சிசியில் இருந்து, எழுதியவர் முகவரி வேறு கம்பெனியுடையது என்றால் பெரும்பாலும் ஏஜென்ட் அல்லது ஃபார்வர்டர். மூன்றாவதாக ஆர்டர் தாளில் தொடர்புக்கு என்று யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஷிப்பிங் பார்க்கிற நம் ஆளிடம் வாய்விட்டுக் கேட்டாலே பாதி நேரம் தெரிந்துவிடும், மெயிலில் தோண்டுவதற்கு முன் அதைச் செய்யலாம்.

*முகவரி தெரிந்த ஆளுடையது மாதிரி இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறதா?*

டொமைன் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn` இருந்தால் அவசரத்தில் கண் ஏமாறும். `Show original`-இல் `Reply-To:` வரி வேறு முகவரியைக் காட்டினால், நீங்கள் பதில் கொடுத்தால் போவது அங்கேதான். இப்படி வருவதில் பெரும்பாலானவை "பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்ற வகை. அதற்கு மெயிலில் பதிலே போடாதீர்கள், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்குச் செய்தால் எடுப்பவனும் அவனேதான்.

அறிகுறி 3: மெயிலும் ஆளும் தெரியும், என்ன முடிவு என்று தெரியவில்லை

இதற்கு இரண்டு காரணம். எழுதியவர் கேள்வியைத் தெளிவாகக் கேட்கவில்லை, அல்லது நம் முதலாளி இன்னும் முடிவே செய்யவில்லை. இரண்டாவதுதான் அதிகம். "பதமா போடு" என்று சொன்னால், அவருக்கே இன்னும் மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மெயிலில் கேள்வியைத் தேட ஒரு சுருக்கு வழி: தேதியும் பணமும் எந்த வாக்கியத்தில் வருகிறதோ அங்கேதான் முடிவு உட்கார்ந்திருக்கும். மீதி எல்லாம் நலம் விசாரிப்பு. அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரு வரியாக்கி, கீழே எண் போட்டு இரண்டோ மூன்றோ வழி எழுதி முதலாளிக்கு அனுப்புங்கள். "என்ன பதில் போடட்டும்" என்று கேட்டால் பதில் வராது, "1, 2, 3-இல் எது" என்று கேட்டால் ரயிலில் இருந்தே ஒரு எண் வந்துவிடும்.

அறிகுறி 4: மூன்றும் இல்லை, ஆனால் இன்றைக்கே ஏதாவது போயாக வேண்டும்

அப்போது அனுப்ப வேண்டியது பதில் அல்ல, கையைக் கட்டாத ஒரு தகவல். தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் போடும்போதும் இதே வரிசையில் இருக்கட்டும்:

"வணக்கம். உங்கள் நினைவூட்டல் வந்தது. இதில் முடிவு சொல்ல வேண்டியவர் இன்று பயணத்தில் இருக்கிறார். இந்திய நேரம் நாளை மாலை 4 மணிக்குள் உங்களுக்குப் பதில் வரும். அதற்கு முன் எதையாவது அனுப்பவோ நிறுத்தவோ வேண்டியிருந்தால் ஒரு வரி எழுதுங்கள். இந்த மெயிலை எதற்கும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

நினைவூட்டல் வந்தது என்றுதான் சொல்கிறோம், மூல மெயிலைப் படித்ததாகச் சொல்லவில்லை. நேரம் குறிப்பிட்டிருக்கிறோம், "விரைவில்" என்று எழுதினால் அரை மணியில் அடுத்த நினைவூட்டல் வரும். "ஒரு வரி எழுதுங்கள்" என்ற வாக்கியத்துக்குப் பதில் வந்தால் அதுவே என்ன கேட்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். கடைசி வரி முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் இருக்கட்டும், மெயிலில் உருவான ஒப்பந்தம் மின்னணு வடிவில் இருப்பதாலேயே செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவு சொல்கிறது. "கன்ஃபர்ம்டு", "நோட்டட்", "ஓகே" மூன்றையும் இந்த நிலையில் தொடவே கூடாது.

*இப்படி ஒன்றை முழுசாகப் பார்ப்போம்*

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. முதலாளி பெட்டிக்கு வந்த மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: "கீழே உள்ளது பற்றி ஏதாவது தகவல் உண்டா? நாளைக்குள் வேண்டும்." கீழே ஒன்றும் இல்லை. தலைப்பு `Re: Re: 2nd lot`. பெயர் ஒற்றைச் சொல். முதலாளியிடமிருந்து குரல் பதிவு: பதமா போடு.

முதலில் மேலே சொன்ன தகவல் மெயில் போனது, அதனால் ஒரு நாள் கிடைத்தது. பிறகு முதலாளி பெட்டியைக் கம்ப்யூட்டரில் திறந்து `In-Reply-To` எண்ணைப் போட்டுத் தேடினால் எதுவும் வரவில்லை. `References` வரியில் இரண்டு எண் இருந்தது. பழையதைப் போட்டதும் ஒரு மெயில் வந்தது: இரண்டாவது லாட் 1,200 ஜோடி, கப்பல் 14-ஆம் தேதி, எழுதியது வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசருக்கு, முதலாளி சிசியில். ஆக, நடுவில் வந்த மெயில் அந்த மெர்ச்சண்டைசருக்கு மட்டும் போயிருக்கிறது. அவர் கணக்கு அழிக்கப்படவில்லை, அந்த மெயில் வந்த பிறகு நிறுத்தி மட்டும் வைத்திருந்தார்கள். கம்பெனி மெயிலைப் பார்த்துக்கொள்கிறவர் வேலூரில் இருந்தபடியே திறந்து கொடுத்தார்.

அதில்தான் விஷயம் இருந்தது: "14-ஆம் தேதி கப்பல் தவறினால் 600 ஜோடியை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பி, மீதியை அடுத்த கப்பலில் போடுவீர்களா, இல்லை மொத்தமும் தாமதமாக வருமா?" எழுதியவர் பயர் கம்பெனியில் சரக்குப் போக்குவரத்து பார்ப்பவர் என்று கையெழுத்தில் இருந்தது, சிசியில் ஏஜென்ட். அவர் ஏற்பாடு செய்கிறவர், செலவு யாருடையது என்று முடிவு செய்யும் ஆள் இல்லை. அதனால் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியது ஏஜென்ட்டிடமும் பயரிடமும்.

முதலாளிக்கு எழுதும் முன் பேக்கிங்கில் கேட்டதில் 700 ஜோடி கட்டி முடிந்திருந்தது, மீதிக்கு இன்னும் ஒரு வாரம். அப்புறம் வாட்ஸ்அப்பில் போன செய்தி: "பாய், 2-வது லாட். 14 கப்பலுக்கு 700 ஜோடிதான் ரெடி. 1: 600 விமானத்தில், செலவு நம்முடையது. 2: 600 விமானத்தில், செலவில் பாதி அவங்க ஏத்துக்கணும்னு கேட்போம். 3: 700-ஐ 14 கப்பலில் போட்டு மீதி அடுத்த கப்பல், விமானம் வேண்டாம். எண் மட்டும் போடுங்க." வந்த பதில்: "3. ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டு போடு." கவனியுங்கள், பயர் பக்கம் கேட்ட இரண்டு வழியிலும் இது இல்லை. பேக்கிங்கில் கேட்காமல் இருந்திருந்தால் மூன்றாவது வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

இத்தனைக்கும் பிறகு இன்னொரு தடை. ஆர்டர் எல்.சி.யில், அதாவது டாக்குமெண்ட் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பயரின் பேங்க் கொடுக்கும் உத்தரவாதத்தில். சரக்கைப் பிரித்து அனுப்பக் கூடாது என்று எல்.சி.யில் இருந்தால், பயர் மெயிலில் "சரி" என்று எத்தனை முறை எழுதினாலும் பேங்க் டாக்குமெண்டில் குறை சொல்லிப் பணத்தை நிறுத்தும். எல்.சி. நகலில் `43P` என்ற கட்டத்தைப் பாருங்கள், பிரித்து அனுப்பலாமா கூடாதா என்று அங்கே இருக்கும். `44C` கட்டத்தில் கடைசி ஷிப்மெண்ட் தேதி, அடுத்த கப்பல் அதற்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று இடித்தாலும் பயர் தன் பேங்க் மூலம் எல்.சி.யைத் திருத்தித் தர வேண்டும். இந்தக் கேஸில் பிரிக்கலாம் என்றிருந்தது, தேதிதான் நாலு நாள் உதைத்தது. அதனால் போன பதில் இப்படி இருந்தது: 700 ஜோடி 14-ஆம் தேதி கப்பலில், 500 அடுத்த கப்பலில், எல்.சி.யில் கடைசி ஷிப்மெண்ட் தேதியை நீட்டித் திருத்தம் வந்த பிறகு இது உறுதி. திருத்தம் வரும் வரை இது முன்மொழிவு மட்டுமே.

எப்போது வெளியாளைக் கூப்பிட வேண்டும்

மெயில் குப்பையிலிருந்தும் போய்விட்டது, அல்லது கணக்கே அழிந்துவிட்டது என்றால் அன்றைக்கே கம்பெனி மெயில் அட்மினைக் கூப்பிடுங்கள், மேலே சொன்ன 20, 25 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட வேண்டாம்.

எல்.சி.யைத் தொடுகிற எந்த முடிவும், தேதி, அளவு, அனுப்பும் வழி எதுவானாலும், பதில் போகும் முன் பேங்கில் எக்ஸ்போர்ட் டெஸ்கில் ஒரு போன். திறந்த மெயில் கிளெய்மாகவோ வக்கீல் நோட்டீஸாகவோ இருந்தால் தகவல் மெயில்கூட வேண்டாம், முதலாளிக்கும் வக்கீலுக்கும் காட்டிய பிறகுதான் எதுவும்.

கணக்கு மாறியதாக வந்த மெயிலை நம்பிப் பணம் போய்விட்டது என்றால், முதலில் உங்கள் பேங்க், அடுத்த போன் 1930. புகாரை `cybercrime.gov.in` தளத்திலும் பதியலாம். வந்த மெயிலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், `Show original` பக்கத்தில் `Download Original` கொடுத்து அந்த ஃபைலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு ஸ்கிரீன்ஷாட்டை விட அதுதான் உதவும்.